இரண்டாவது ஆணி

கோழி வளர்க்கிறவன் ஈயைப் பார்த்து முகம் சுளித்தால் பிழைப்பு நடக்குமா? அண்ணனும் அப்படித்தான் இருந்தான். கோழி இருந்தால் எச்சம் இருக்கும், எச்சம் இருந்தால் ஈ இருக்கும், இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவன் கட்சி. பண்ணையைச் சுற்றிலும் வீடுகள் முளைக்கும் வரை அந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சியே இல்லை.

பண்ணைதான் முதலில் வந்தது, வீடுகள் பின்னால் வந்தன. யார் முதலில் வந்தார்கள் என்று ஈ பார்க்குமா? குழந்தையின் பால் புட்டியில் உட்கார்ந்தது. குடிவந்தவர்கள் ஒரு நாள் பொறுத்தார்கள், ஒரு வருஷம் பொறுத்தார்கள், கடைசியில் சுகாதார அலுவலகத்துக்குப் போய்விட்டார்கள். போனதில் தப்பும் சொல்ல முடியாது.

அதிகாரியம்மா வந்தாள். கத்தவில்லை, மிரட்டவில்லை. கொட்டகைகளிலும் பக்கத்து வீட்டு வாசல்களிலும் ஒட்டும் நாடாவைத் தொங்கவிட்டு, ஒட்டிய ஈக்களை நிதானமாக எண்ணினாள். "மாசக் கடைசியில திரும்ப வருவேன். இதுல பாதியாவது குறைஞ்சிருக்கணும். இல்லேன்னா சீல் வைக்கறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சீல் வைத்தால் தீவனம் உள்ளே போகாது. தீவனம் போகாவிட்டால் கோழிகளைக் கறிக்கு ஏற்ற வேண்டியதுதான். முட்டைக் கோழியைக் கறிக்கு விற்கிறவன் மறுபடி எழுந்ததாக அந்தத் தொழிலில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அண்ணன் கடையில் கிடைத்த மருந்தையெல்லாம் அடித்துப் பார்த்தான். ஈக்கள் குடித்து ஏப்பம் விட்டன.

அப்போதுதான் தங்கைக்காரி "நான் பாத்துக்கறேண்ணே" என்றாள்.

அவளுக்கு வீட்டில் குப்பி என்று பேர். சின்ன வயதில் காலி மருந்துக் குப்பிகளைச் சேர்த்து வைத்து அதில் கலர் தண்ணி கலக்குவாள், பேர் ஒட்டிக்கொண்டது. வளர்ந்து வேதியியல் படித்து, பூச்சிகளுக்கு வாசனைப் பொறி செய்யும் ஒரு சின்ன கம்பெனியின் ஆய்வகத்தில் சேர்ந்த பிறகும் அதே குப்பிதான். அண்ணன் பத்துப் பேர் முன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவான். "பட்டம் வாங்கினவளை அப்படிக் கூப்பிடாதீங்க" என்று அண்ணி கடிந்துகொண்டால், "பட்டம் வாங்கின குப்பி" என்பான்.

அவள் சொன்ன யோசனை அண்ணனுக்கு முதலில் சிரிப்பை மூட்டியது. பெண் ஈயின் உடம்பு மேல் ஒரு மெழுகு இருக்கிறது. அது இருக்கும் இடத்துக்கு மற்ற ஈக்கள் வந்து உட்காரும். அதை ஆய்வகத்தில் செய்து பஞ்சில் நனைத்துப் பொறிக்குள் வைத்தால் போதும்.

"மெழுகுதானே? மெழுகுவத்தியை உருக்கித் தடவிடலாமே!"

"அதுவும் கிட்டத்தட்ட இதே மாதிரி சங்கிலிதான். ஆனா ஈ அதைச் சீந்தாது. இதுல இருபத்திமூணு கார்பன் வரிசையா கோத்திருக்கும். ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவுல மட்டும் ரெட்டைப் பிணைப்பு. விஷயமே அந்த ஒரு இடத்துலதான்."

அண்ணன் விழித்தான். தீவன அறையில் இருந்தார்கள். குப்பி கீழே கிடந்த இரண்டு மெல்லிய மரக்கட்டைகளை எடுத்து, ஒன்றின் நுனி மேல் இன்னொன்றின் நுனியை வைத்து ஓர் ஆணி அடித்தாள். கட்டையைத் தள்ளினாள், சுற்றியது.

"ஒத்தைப் பிணைப்பு இப்படி. எந்தப் பக்கம் வேணா சுத்தும். சுத்திக்கிட்டேதான் இருக்கும். அதனால இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம்னு பேசவே முடியாது." பக்கத்திலேயே இரண்டாவது ஆணியை அடித்தாள். "இப்ப சுத்து பாப்போம்."

அண்ணன் முறுக்கிப் பார்த்தான். அசையவில்லை.

"ரெட்டைப் பிணைப்புன்னா இதுதான். இந்த முனையில ஒரு வால், அந்த முனையில ஒரு வால். ரெண்டு வாலும் ஒரே பக்கம் இருந்தா சிஸ். எதிரும் புதிருமா இருந்தா டிரான்ஸ். சிஸ்ஸாப் பிறந்தா சிஸ்ஸாவே கிடக்கும். சும்மா வெச்சிருந்தா ஆயுசுக்கும் மாறாது."

நிஜத்தில் அது ஆணி இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? முதல் பிணைப்பு இரு கார்பன்களுக்கும் நடுவே நேர்க்கோட்டில் இருக்கிறது. எவ்வளவு முறுக்கினாலும் அதற்குக் கவலை இல்லை. இரண்டாவது அப்படி இல்லை. எலக்ட்ரான் மேகங்கள் பக்கவாட்டில் ஒன்றையொன்று தழுவிக்கொள்வதால் வருவது. ஒரு முனையைத் திருப்பினால் தழுவல் விட்டுப் போகும். அதை விடுவிக்கத் தேவையான ஆற்றல் வெயிலின் சூட்டிலோ அடுப்படிச் சூட்டிலோ வராது. ஆனால் இவனிடம் அதையெல்லாம் சொன்னால் கோழிக்குத் தண்ணி வைக்கணும் என்று எழுந்து போய்விடுவான்.

"சரி, எடையில என்ன வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்லை. அதே கார்பன், அதே ஹைட்ரஜன், அதே எண்ணிக்கை. சிஸ் நடுவுல வளைஞ்சிருக்கும், டிரான்ஸ் நீட்டமா இருக்கும். அவ்வளவுதான்."

"அவ்வளவுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"

"ஈ வளைஞ்சதுக்குத்தான் வரும். நீட்டமா இருக்கறதை மதிக்காது."

"நல்லாப் படிச்ச ஈ போல" என்றான் அண்ணன்.

ஆய்வகத்தில் அந்த வளைவை உண்டாக்குவதுதான் வேலை. முதலில் முப்பிணைப்பு வைத்து முழுச் சங்கிலியையும் கோத்தாள். பிறகு அதில் ஹைட்ரஜனை ஏற்ற வேண்டும், ஆனால் பாதியில் நிறுத்த வேண்டும். அதற்காக வேண்டுமென்றே ஈயத்தால் நஞ்சூட்டி, வேகத்தை முடமாக்கிய பல்லேடியம் என்ற வினையூக்கி உலோகம் உண்டு. சங்கிலி அதன்மேல் படுத்துக் கிடக்கும்போது இரண்டு ஹைட்ரஜனும் அடியிலிருந்து, ஒரே முகத்தில் வந்து ஏறும். வால்கள் இரண்டும் ஒரே பக்கம் ஒதுங்கும். சிஸ் தயார். அவள் சாப்பாட்டைக்கூட மறந்து செய்தாள். மெழுகு என்று பேர், வந்தது நிறமில்லாத, எண்ணெய் போன்ற திரவம்.

கருவி அறையில் இருந்தவரைக் கோட்டுக்காரர் என்பார்கள். கருவி வரையும் கோடுகளைப் பார்த்துப் பார்த்து, ஆள் முகத்தைப் பார்த்தே பேசமாட்டார். குப்பியின் திரவத்தை அகச்சிவப்புக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு, "தொள்ளாயிரத்து அறுபத்தஞ்சுகிட்ட ஒரு பள்ளமும் இல்லைம்மா. டிரான்ஸ் இருந்தா அங்கதான் விழும். சுத்தமான சிஸ்" என்றார். அவர் வாயிலிருந்து சுத்தம் என்ற சொல் வருவது குதிரைக் கொம்பு.

பண்ணையில் கோடிக் கொட்டகையில் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். புனல் வாய் வைத்த, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் போத்தல்கள். உள்ளே நனைத்த பஞ்சு. ஈக்கள் வந்தன, உள்ளே போனவர் திரும்பவில்லை என்கிற கதையாக அடியில் குவிந்தன. அண்ணி போத்தலைத் தூக்கிப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டிருக்கலாமே! ஆனால் போத்தல் பக்கம் வந்த ஈதான் விழுந்தது. இந்த மெழுகு கிட்டத்தில் வேலை செய்யும் சரக்கு. கொட்டகையின் மறுகோடியில் சுற்றும் ஈக்கு இது இருப்பதே தெரியாது. மாதக் கடைசிக்குள் பாதியாகக் குறைய வேண்டும். குப்பி விரலை மடக்கி மடக்கி நாளை எண்ணினாள், எட்டவில்லை.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். கெட்டுப்போன மாமிசத்தில் வருகிற கந்தக நாற்றம் ஈயைத் தொலைவிலிருந்தே இழுக்கும். சமையல் காஸ் கசிந்தால் தெரியட்டும் என்று ஒரு நாற்றப் பொருளைக் கலப்பார்களே, அதன் பங்காளி ஒன்று அவளுடைய அலமாரியில் இருந்தது. சீக்கிரம் ஆவியாகிப் போகாத, கனமான ரகம். நாற்றம் தூரத்திலிருந்து கூப்பிடும், மெழுகு பக்கத்தில் வந்ததை உட்கார வைக்கும். பொறி செய்கிறவர்களுக்குத்தான் இப்படி ஒரு கூட்டணி தோன்றும். வேறு எவனுக்கும் தோன்றாது, தோன்றியும் தொலைய வேண்டாம்.

கலந்தாள். ஆய்வகத்தில் கண்ணாடிக் கூண்டு நிறைய ஈ விட்டு, குழல் விளக்கு வெளிச்சத்தில் பரிசோதித்தாள். கூண்டே கறுத்துப் போகிற அளவுக்குப் பஞ்சில் மொய்த்தன. துள்ளிக் குதித்தாள் என்றால் நம்ப வேண்டும்.

கோட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெயில்ல வெச்சுப் பாத்தியாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"நேரம் இல்ல சார். சூட்டுக்கெல்லாம் இது அசையாது. ரெட்டைப் பிணைப்பு."

"நான் சூட்டைக் கேக்கலை" என்றார் அவர். அப்போது அவருடைய கருவி கிணுகிணுத்தது, திரும்பிக்கொண்டார். அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எல்லாக் கொட்டகைகளிலும், வெளிப்பக்கத் தூண்களில், ஈ அதிகம் அமர்கிற வெயில் பக்கமாகப் பார்த்துப் போத்தல்களைக் கட்டினார்கள். முதல் நாள் அண்ணன் போன் பண்ணினான். "குப்பி, கூட்டம் கூட்டமா வருதுடீ! கூப்பிட்ட கல்யாணத்துக்குக்கூட இப்படி யாரும் வரமாட்டாங்க!" அன்று அவள் ஆய்வகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த நாள் அவன் கூப்பிடவில்லை. அதற்கும் அடுத்த நாள் அண்ணி கூப்பிட்டாள்.

"வர்றது வந்துக்கிட்டேதான் இருக்கு. ஆனா போத்தலுக்குள்ள போக மாட்டேங்குது. தீவனத் தொட்டியில உட்காருது, முட்டைத் தட்டுல உட்காருது. எங்க வீட்டுச் சுவரே தெரியலை. அக்கம்பக்கத்துல வாசல்ல நின்னு கத்தறாங்க. நீ என்னத்தைத்தான் வெச்சே?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. குப்பி ஓடிப்போய்ப் பார்த்தபோது கண்ணால் கண்டதை நம்ப முடியவில்லை. ஊரிலுள்ள ஈயெல்லாம் பண்ணையில் இருந்தது. போத்தல்களின் வெளிப்புறத்தில்கூட நடமாடின. வாய் வரைக்கும் வந்து, உட்கார ஒன்றும் இல்லாதது போலத் திரும்பிப் போயின. அவள் எல்லாப் போத்தல்களையும் கழற்றச் சொன்னாள். இழுத்து வந்த கூட்டத்தை யார் கழற்றுவது?

மாதக் கடைசி வந்தது. அதிகாரியம்மா வந்தாள். நாடாவைத் தொங்கவிட்டாள். எண்ண ஆரம்பித்து, பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். எண்ணத் தேவையில்லாமல் போய்விட்டது. பண்ணைக்குச் சீல் வைக்க எழுதிக்கொண்டு போனாள்.

குப்பி பஞ்சுகளை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனாள். பஞ்சில் இருந்ததைக் கழுவி எடுத்துச் சுத்தம் செய்து, கோட்டுக்காரரின் கருவியில் வைத்தாள். கோடு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. தொள்ளாயிரத்து அறுபத்தைந்து வந்ததும் சடாரென்று இறங்கியது. கிணறு மாதிரி ஒரு பள்ளம்.

"டிரான்ஸ்" என்றார் கோட்டுக்காரர். "அஞ்சுல நாலு பங்கு போயிருக்கும்."

அந்தக் கணமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கந்தகப் பொருளின் மேல் வெயிலும் காற்றும் பட்டால், அதன் கந்தக முனையிலிருந்த ஹைட்ரஜன் கழன்று, துணையில்லாத எலக்ட்ரானோடு அந்தக் கந்தகம் அலையும். கண்ணில் பட்ட இரட்டைப் பிணைப்பில் போய் ஒட்டும். ஒட்டிய அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இரண்டாவது ஆணி பிடுங்கப்பட்டு, அங்கே ஒற்றைப் பிணைப்பு மட்டும் நிற்கும். சங்கிலி ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு கந்தகம் விலகிப் போகும். ஆணி மறுபடி இறங்கும். சங்கிலி எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கமாகவே இறங்கும். சிஸ்ஸில் வால்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நெருக்கடியில் இருக்கின்றன. டிரான்ஸில் தாராளமாக இருக்கின்றன. அதனால் பெரும்பாலும் டிரான்ஸாகத்தான் நிற்கும். விலகிய கந்தகம் சும்மா இருக்குமா? அடுத்த சங்கிலிக்குப் போகும். ஒன்றே ஆயிரத்தைத் திருப்பிவிடும்.

ஆய்வகத்தில் குழல் விளக்கு. பண்ணையில் வெயில். நாற்றம் மட்டும் கடைசி வரை தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. வாங்க வாங்க என்று கூப்பிட்டது. வந்தவற்றை உட்கார வைக்க வேண்டியதை அதுவே கெடுத்து வைத்திருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, இதுதான்.

"நீங்க வெயிலைக் கேட்டீங்க சார்" என்றாள்.

"கேட்டேன். உரக்கக் கேட்டிருக்கணும்" என்றார் அவர். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

அந்தக் கோட்டுத்தாளை எடுத்துக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரியம்மா உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். இடையில் ஒரு கேள்விகூடக் கேட்டாள், அதுவும் சரியான கேள்வி.

"அப்ப கந்தகம் இல்லாம வெச்சிருந்தா வெயில்ல மாறியிருக்காதா?"

"மாறாதுங்க. வெயில் மட்டும் அந்தப் பிணைப்பை ஒண்ணும் பண்ணாது. எனக்குக் கொஞ்சம் நாள் கொடுங்க. புதுசாச் செஞ்சு தர்றேன். தப்பு என்னோடது, எங்க அண்ணனோடது இல்லை."

"நீங்க சொல்றது எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. அந்தத் தெருவுல மூணு குழந்தைங்க வயித்துப்போக்குல படுத்திருக்கு. போன வாரம் வரைக்கும் இல்லாதது. நான் அவங்க அம்மாகிட்ட என்ன சொல்லட்டும், வால் பக்கம் மாறிடுச்சுன்னா?"

அதிகாரியம்மா கேலியாகச் சொல்லவில்லை. குப்பி தாளை மடித்துக்கொண்டு எழுந்தாள்.

பண்ணைக்குப் போனபோது வாசலில் லாரி நின்றது. கறிக்கடைக்காரர்கள் கோழிகளைக் காலைப் பிடித்துத் தூக்கிக் கூண்டுகளில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். இறகு பறந்து கண்ணில் விழுந்தது. அண்ணி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"உன் மேல கோபம் இல்லைன்னு சொன்னா அது பொய்" என்றாள் அண்ணி. "கோபம் ஆறும். ஆனா இப்ப என்கிட்ட பேசாதே."

அண்ணன் தீவன அறையில் காலி மூட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான். யார் மடிக்கச் சொன்னார்கள்? அவள் நடந்ததைச் சொன்னாள். இந்தத் தடவை அவன் எழுந்து போகவில்லை, கேலி பேசவில்லை. ஒவ்வொரு சொல்லாக வாங்கிக்கொண்டான்.

"போத்தல்ல இருக்கிற சரக்கு அப்படியே இருக்கில்ல? எடைகூடக் குறையலைன்னு சொன்னியே."

"குறையலைண்ணே."

"அப்ப அதே மாதிரி திருப்பிவிட்டா என்ன? ஒரு தடவை சுத்தினது இன்னொரு தடவை சுத்தாதா?"

"சுத்தும். சுத்தி மறுபடியும் அதே இடத்துலதான் நிக்கும். அஞ்சுக்கு நாலு டிரான்ஸ்னு. எத்தனை தடவை சுத்தவிட்டாலும் அதுதான் கணக்கு. வால்களுக்கு அங்கதான் சௌகரியம். பிரிச்சு மேய்ஞ்சு, வேற வழியில சுத்தி வளைச்சுத் திருப்பலாம். அதுக்குப் புதுசாவே செஞ்சிடலாம்."

"புதுசாச் செய்ய எவ்வளவு நாளாகும்?"

அவள் வெளியே லாரியைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். கேட்டிருக்க வேண்டாம் என்று அவனுக்கே தோன்றியிருக்கும். மூட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தான். அவளுக்கு அவன் ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை போல் இருந்தது.

புதிதாகச் செய்தாள். ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கம்பெனியில் யாரும் கேட்கவில்லை. கோட்டுக்காரர் மட்டும் சொல்லாமலே அதை ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்து எடுத்துக் கோடு போட்டார். பள்ளம் இல்லை. கந்தகம் இல்லை, கலப்பு இல்லை, சுத்தமான வளைவு.

அவள் அதை எடுத்துக்கொண்டு பண்ணைக்கு வந்தாள். கொட்டகைகள் காலி. எச்சம் இன்னும் அள்ளி முடியவில்லை, அதனால் ஈ இருந்தது. அண்ணன் மண்வெட்டியோடு நின்றான். ஒரு தீவன ஆலையில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் பேசியிருப்பதாக அண்ணி ஏற்கனவே போனில் சொல்லியிருந்தாள். எச்சத்தை அள்ளி முடித்தால் அவன் அங்கே போய்ச் சேர வேண்டும்.

குப்பி ஒரு போத்தலைத் தூணில் கட்டினாள். இருவரும் தள்ளிப் போய் நின்றார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. முதலில் ஓர் ஈ வந்தது. போத்தலின் வாயில் உட்கார்ந்து, கைகளைத் தேய்த்துக்கொண்டு, உள்ளே இறங்கியது. பின்னாலேயே இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை.

அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தான்.

"நல்லா வேலை செய்யுதுடீ" என்றான்.

அதில் குத்தல் இல்லை, வருத்தம்கூட இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிவந்து காட்டியபோது இருந்த அதே குரல். அவன் நிஜமாகவே சந்தோஷப்பட்டான்.

"திட்டவாவது திட்டேண்ணே" என்றாள் அவள்.

"எதுக்குத் திட்டணும்? அதான் வேலை செய்யுதே" என்று சொல்லிவிட்டு அவன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் போனான்.

குப்பி காலித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். ஓர் ஈகூட அவள்மேல் வந்து உட்காரவில்லை. எல்லாம் போத்தலுக்குள் போய்க்கொண்டிருந்தன.